அண்ணாந்து பார்த்த கனவு

ஆசிரியர் பட்டயப் படிப்பிலோ பி.எட். படிப்பிலோ உளவியல் படித்த நம் அனைவருக்கும் 'ஈடுசெய்தல்' என்ற சொல் பழக்கமானது. தற்காப்பு நடத்தைகள் என்ற பாடத்தில் அது வரும். படிப்பில் பின்தங்கிய மாணவர் விளையாட்டில் பெயர் வாங்க முயல்வதை எடுத்துக்காட்டாக எழுதியிருப்போம். கார்ல் குஸ்தாவ் யுங் என்ற பெயரும் நமக்குத் தெரியும். மனிதர்களை அகமுகர், புறமுகர் என்று பிரித்துக் காட்டியவர் என்று தேர்வுக்குப் படித்திருப்போம்.

இந்தச் சொல்லையும் இந்தப் பெயரையும் ஒன்றாக வைத்து நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கனவுகளைப் பற்றிய யுங்கின் சிந்தனைக்கு அடித்தளமே ஈடுசெய்தல்தான். விழித்திருக்கும்போது நம் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், உறக்கத்தில் வரும் கனவு மறுபக்கத்தைக் காட்டி அந்தச் சாய்வைச் சமன்செய்ய முயல்கிறது என்பது அவர் கருத்து. ஆசிரியர் பயிற்சியில் உளவியல் கற்பிக்கும் நான், இதை விளக்கும்போதெல்லாம் யுங் தாமே கண்ட ஒரு சாதாரணக் கனவைத்தான் எடுத்துக்கொள்வேன். அது சிறியது, நான்கைந்து வரிகளில் சொல்லிவிடலாம். ஒருவர் தம் பொறுப்பில் உள்ள இன்னொருவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பற்றியது. அதனால் நம் தொழிலுக்கும் மிக நெருக்கமானது.

சொல்லின் பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் தேர்வுக்குப் படித்த ஈடுசெய்தல் ஆல்ஃபிரட் அட்லரின் வழியில் வந்தது. உடலுறுப்பின் குறைபாட்டை உடலும் மனமும் எவ்வாறு ஈடுகட்டுகின்றன என்று அவர் 1907-இல் எழுதினார். பிறகு தாழ்வுணர்ச்சிக்கும் அந்த விளக்கத்தை விரித்தார். அங்கே ஈடுசெய்தல் என்றால், ஓர் இடத்தில் உள்ள குறையை வேறோர் இடத்தில் நிரப்புவது.

யுங் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், பொருளை விரிவாக்கினார். இச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'ஒன்றை மற்றொன்றுடன் வைத்து எடைபார்த்தல்' என்று பொருள். ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் நாம் விழிப்பில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எண்ணம் இருக்கிறது. மறு தட்டில் நாம் கவனிக்காத, ஒதுக்கிய, மறந்த செய்திகள் இருக்கின்றன. முதல் தட்டு அளவுக்கு மீறித் தாழும்போது, இரண்டாவது தட்டில் உள்ளவற்றைக் கனவு நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. யுங் இதை உடலோடு ஒப்பிடுவார். வெயிலில் உடல் சூடேறினால் வியர்க்கிறது, குளிரில் நடுங்குகிறது. இரண்டும் உடல்வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும் முயற்சி. அதைப்போல மனமும் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அமைப்பு என்றும், அந்த வேலையில் கனவுக்கும் பங்கு உண்டு என்றும் அவர் கருதினார்.

சிக்மண்ட் ஃபிராய்டின் விளக்கத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஃபிராய்டுக்குக் கனவு என்பது நிறைவேறாத விருப்பத்தின் மறைமுக நிறைவேற்றம். திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தைப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். நனவில் வராத காதலர் கனவில் வருகிறார். அதனால் தலைவி உயிர் தரித்திருக்கிறாள். கிடைக்காததைக் கனவு கொடுக்கிறது. யுங் சொல்லும் ஈடுசெய்தல் இது அன்று. அவர் சொல்லும் கனவு நமக்கு விருப்பமானதைத் தர வேண்டியதில்லை. பெரும்பாலும் நாம் கேட்க விரும்பாததையே அது சொல்லும். விருப்பம் நிறைவேறினால் மனம் மகிழ்ந்து எழும். சாய்வு திருத்தப்பட்டால் சற்றுச் சங்கடத்தோடுதான் எழ வேண்டியிருக்கும்.

கோபுரத்தில் அமர்ந்திருந்த பெண்

யுங் சுவிட்சர்லாந்து நாட்டவர். 1875-இல் பிறந்து 1961-இல் மறைந்தார். சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் பணியாற்றிய பிறகு, 1909 முதல் குஸ்நாக்ட் என்ற ஏரிக்கரை ஊரில் தம் வீட்டிலேயே நோயாளிகளைச் சந்தித்தார். தம் நினைவுக் குறிப்புகளில் அவர் இந்தக் கனவைச் சொல்கிறார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1962-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

அவரிடம் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். மிகுந்த அறிவுக்கூர்மை உடையவர். ஆனாலும் சில காரணங்களால் யுங்குக்கு அவர்மீது முழு நம்பிக்கை ஏற்படவில்லை. தொடக்கத்தில் சிகிச்சை நன்றாகவே நடந்தது. சிறிது காலம் கழித்து ஏதோ தடைபட்டது. அந்தப் பெண்ணின் கனவுகளுக்குத் தாம் சொல்லும் விளக்கங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று யுங்குக்குத் தோன்றியது. இருவரின் உரையாடலும் மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. ஏதோ சரியில்லை என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. இதைப்பற்றி அவரிடமே பேசிவிடுவது என்று யுங் முடிவு செய்தார். அப்படிப் பேசவிருந்த நாளுக்கு முந்தைய இரவில் அவருக்கு ஒரு கனவு வந்தது.

மாலை வெயிலில் ஒரு பள்ளத்தாக்குச் சாலை வழியே அவர் நடந்து செல்கிறார். வலப்புறத்தில் செங்குத்தான ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஒரு கோட்டை. கோட்டையின் மிக உயரமான கோபுரத்தில், கைப்பிடிச் சுவர் போன்ற ஒன்றின் மேல் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். அவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் யுங் தலையை வெகுவாகப் பின்னுக்குச் சாய்த்து அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பிடரியில் சுளுக்குப் பிடித்த வலியோடு அவர் விழித்துக்கொள்கிறார். அந்தப் பெண் தம் நோயாளிதான் என்பதைக் கனவிலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்.

கனவு இவ்வளவுதான். பேயில்லை, பாம்பில்லை, புராணப் பாத்திரம் எதுவும் இல்லை. ஒருவர் இன்னொருவரை அண்ணாந்து பார்க்கிறார். யுங் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருளும் அதே அளவுக்கு எளிமையானது. கனவில் இவரை இவ்வளவு அண்ணாந்து பார்க்க நேர்ந்தது என்றால், நனவில் நான் இவரைத் தாழ்வாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மறுநாள் அவர் கனவையும் அதன் பொருளையும் அந்தப் பெண்ணிடமே சொன்னார். நிலைமை உடனே மாறியது. தடைபட்டிருந்த சிகிச்சை மீண்டும் முன்னேறத் தொடங்கியது.

கனவை வாசிக்கும் முறை

இந்த முடிவுக்கு யுங் எப்படி வந்தார்? கோபுரம் என்றால் இது, பெண் என்றால் அது என்று பலன் சொல்லும் அட்டவணை எதையும் அவர் புரட்டவில்லை. அவர் செய்ததை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். இந்தப் பிரிப்பு, பயிற்சி வகுப்பின் வசதிக்காக நான் செய்துகொண்டது.

முதற்படி, கனவைக் கண்டபடியே வைத்துக்கொள்வது. அழகுபடுத்தாமல், காரணம் சேர்க்காமல், என்ன தெரிந்ததோ அதை மட்டும் குறிப்பது. இந்தக் கனவில் முக்கியமான செய்தி ஒன்றுதான்: தலையைப் பின்னுக்குச் சாய்த்தால்தான் அந்தப் பெண்ணைப் பார்க்க முடிந்தது. பிடரி வலி அந்தச் செய்திக்கு அடிக்கோடு இட்டது.

இரண்டாம் படி, அந்த நேரத்தில் விழிப்பு வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்பது. யாரைப் பற்றிய கனவு? எந்தச் சிக்கலின் நடுவில் வந்தது? இங்கே கனவு வந்த இரவே விடை சொல்லிவிடுகிறது. மறுநாள் பேசவேண்டிய பேச்சைப் பற்றிய சிந்தனையோடு அவர் உறங்கச் சென்றிருக்கிறார். இந்தப் பின்னணி தெரியாத ஒருவருக்கு அதே கனவைச் சொன்னால் அவரால் எந்தப் பொருளும் எடுக்க முடியாது. யாரோ ஒரு பெண்மீது காதல் என்றோ, உயரத்தைக் கண்டு அச்சம் என்றோ ஊகிக்கத்தான் முடியும்.

மூன்றாம் படிதான் ஈடுசெய்தலின் உயிர். கனவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விழிப்பில் என்னிடம் உள்ள எந்த மனப்பான்மைக்கு இது மறுபக்கம்? 'இது எதைக் குறிக்கிறது', 'இது பலிக்குமா' என்பவை வேறு கேள்விகள். மேலே பார்த்ததன் மறுபக்கம் கீழே பார்ப்பது. நம் மொழியிலும் மதிப்பை உயரத்தால் அளக்கும் பழக்கம் உண்டு. ஒருவரை உயர்வாக நினைக்கிறோம், தாழ்வாக எண்ணுகிறோம், தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். கனவு அந்த வழக்கை அப்படியே ஒரு காட்சியாக்கிவிட்டது.

நான்காம் படி, கிடைத்த விடையை நடுப்பகலில் சோதித்துப் பார்ப்பது. யுங் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி மூடி வைக்கவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் எடுத்துச் சென்றார். உறவு மாறுகிறதா என்று பார்த்தார்.

இந்த நான்கில் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. கனவு அந்தப் பெண்ணைச் சமமான தளத்தில் நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் நடந்து வருவதாகக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குன்று, குன்றின் மேல் கோட்டை, கோட்டையின் மேல் உயரமான கோபுரம் என்று மூன்று அடுக்கு உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. ஏன் இந்த மிகை? தராசில் ஒரு பக்கம் பெரும் பாரம் இருக்கும்போது மறுபக்கம் ஒரு குன்றிமணியை வைத்தால் முள் அசையாது. விழிப்பின் சாய்வு எவ்வளவு பெரிதோ, அந்த அளவுக்குக் கனவும் எதிர்ப்பக்கம் மிகைப்படுத்துகிறது. அதனால்தான் கனவு சொல்வதை அப்படியே ஏற்பதும் தவறாகிவிடும். அந்தக் கனவுக்குப் பிறகு யுங் தம் நோயாளியைப் போற்றித் துதிக்க ஆரம்பிக்கவில்லை. கீழே பார்த்த பார்வையையும் மேலே பார்த்த பார்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்க்கும் ஓர் இடத்துக்கு வந்தார். ஈடுசெய்தலின் பயன், ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவுவதில் இல்லை. முள் நடுவுக்கு வருவதில் இருக்கிறது.

எல்லாக் கனவும் தலைகீழா?

இந்த விளக்கத்தைக் கேட்டதும் பயிற்சி வகுப்பில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: 'அப்படியானால் கனவில் கண்டதைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மை கிடைத்துவிடும்.' அழுதால் நல்லது, சிரித்தால் கெட்டது என்று ஊர்ப்பக்கம் சொல்வதைப் போன்ற கணக்கு இது. யுங் சொன்னது இதுவன்று.

1945-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் மூன்று நிலைகளைப் பிரிக்கிறார். விழிப்பு மனப்பான்மை பெருமளவுக்கு ஒருபக்கமாக இருந்தால், கனவு எதிர்ப்பக்கம் நிற்கும். அது நடுவுக்கு ஓரளவு அருகில் இருந்தால், கனவு சிறு மாறுதல்களைக் காட்டுவதோடு நின்றுவிடும். மனப்பான்மை பொருத்தமாகவே இருந்தால், கனவு அதனோடு ஒத்துப்போய் அதையே வலியுறுத்தும். ஆகவே முதலில் அறிய வேண்டியது கனவின் பொருளை அன்று. கனவு கண்டவரின் விழிப்பு நிலையை.

இதைப் புரிந்துகொள்ள நம் தொழிலிலிருந்தே ஒரு கனவைக் கற்பனை செய்து பார்ப்போம். பல ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் தேர்வறையில் மாணவராக அமர்ந்திருக்கிறார். வினாத்தாளில் ஒரு வினாவும் புரியவில்லை. அவரிடம் படிக்கும் மாணவர்களில் ஒருவர் மேற்பார்வையாளராக நடந்துகொண்டிருக்கிறார். இந்தக் கனவை இருவர் காண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர், 'இந்தப் பாடத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. புரியவில்லை என்றால் அது மாணவரின் கவனக்குறைவு' என்று உறுதியாக நம்புபவர். அவருக்கு இந்தக் கனவு, புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிறது. விழிப்பில் அவர் உட்காராத இருக்கையில் அவரை உட்கார வைக்கிறது. இங்கே ஈடுசெய்தல் என்ற விளக்கம் பொருந்துகிறது.

இரண்டாமவர், அடுத்த வாரம் துறைத்தேர்வு எழுதவிருப்பவர். பகலெல்லாம் அதே கவலை. அவருக்கு இந்தக் கனவு எந்த மறுபக்கத்தையும் காட்டவில்லை. பகல் கவலை இரவிலும் தொடர்கிறது. இங்கே ஈடுசெய்தலைத் தேடினால் இல்லாததைக் கண்டுபிடிப்போம்.

கனவு ஒன்றுதான், கண்டவர் இருவர், விளக்கம் இரண்டு. கனவுப் பலன் நூல்களோடு யுங்கின் முறை ஒத்துப்போகாத இடம் இதுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கனவு பிறரைப் பற்றிய உண்மைகளை அறிவிக்கும் செய்தித்தாள் அன்று. யுங் இன்னொரு கனவைக் குறிப்பிடுகிறார். ஓர் இளைஞர் தம் தந்தை குடித்துவிட்டுத் தாறுமாறாகக் காரோட்டிச் சுவரில் மோதுவதாகக் கனவு காண்கிறார். உண்மையில் அந்தத் தந்தை அப்படிப்பட்டவர் அல்லர். தந்தைக்கும் மகனுக்கும் நல்ல உறவு இருந்தது. உறவு அளவுக்கு மீறி நன்றாக இருந்ததுதான் சிக்கல் என்றார் யுங். எல்லாவற்றையும் தந்தையே பார்த்துக்கொள்வார் என்று மகன் சாய்ந்துகொண்டிருந்தார்; சொந்தக் காலில் நிற்கவில்லை. கோபுரக் கனவு தாழ்த்தப்பட்டவரை உயர்த்தியது; இந்தக் கனவு உயர்த்தப்பட்டவரைத் தாழ்த்தியது. திசை வேறு, விதி ஒன்று. இரண்டிலும் கனவு பேசியது கண்டவரின் பார்வையைப் பற்றித்தான். அந்தப் பெண் உண்மையில் எப்படிப்பட்டவர், அந்தத் தந்தை உண்மையில் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்வது கனவின் வேலை அன்று.

கேள்விக்கு உட்படுத்துவோம்

எந்தக் கொள்கையையும் மாணவர் முன் வைக்கும்போது அதன் பலவீனத்தையும் சேர்த்தே வைப்பது நம் வழக்கம். இங்கும் மூன்று ஐயங்களை எழுப்பலாம்.

முதலாவது, அந்தப் பிடரி வலி. கனவில் அண்ணாந்து பார்த்ததால் வலி வந்ததா? அல்லது தலையணை சரியில்லாமல் ஏற்கெனவே பிடரி வலித்ததால் அண்ணாந்து பார்ப்பதாகக் கனவு வந்ததா? உடலில் ஏற்படும் உணர்ச்சிகள் கனவுக்குள் புகுவது பழைய செய்திதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர், பிரெஞ்சுப் புரட்சியில் தம் தலை வெட்டப்படுவதாகக் கனவு கண்டு விழித்தபோது, கட்டிலின் ஒரு பகுதி உடைந்து தம் கழுத்தின்மேல் விழுந்திருந்ததாக எழுதியிருக்கிறார். யுங்குக்கும் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் தலையணை, கழுத்து ஏன் பின்னுக்குச் சாய்ந்தது என்பதை மட்டுமே விளக்கும். அண்ணாந்து பார்த்த இடத்தில் ஒரு மாமரமோ பறவையோ இல்லாமல், மறுநாள் சந்திக்கவிருந்த அந்தப் பெண் ஏன் இருந்தார் என்பதை விளக்காது. உடல் கொடுத்த பொருளை மனம் எதற்குப் பயன்படுத்தியது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இரண்டாவது, சிகிச்சை முன்னேறியதே விளக்கம் சரி என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது என்றுதான் நான் சொல்வேன். கனவு வருவதற்கு முன்பே அவர் மனம் திறந்து பேச முடிவு செய்திருந்தார். கனவே வராமலிருந்து, 'நமக்குள் ஏதோ சரியில்லை' என்று மட்டும் அவர் சொல்லியிருந்தாலும் நிலைமை மாறியிருக்கக்கூடும். ஆனால் கனவு ஒன்றைச் செய்தது. 'நமக்குள் ஏதோ சரியில்லை' என்ற பொதுவான பேச்சை, 'நான் உங்களைத் தாழ்வாகப் பார்த்திருக்கிறேன்' என்ற குறிப்பான பேச்சாக மாற்றியது. தவறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டியது. பொதுவான பேச்சில், நோயாளியின் ஒத்துழைப்பின்மையே காரணம் என்று பேச்சு திரும்பிவிட வாய்ப்பு உண்டு.

மூன்றாவது ஐயம்தான் வலுவானது. கனவு எதிர்ப்பக்கம் நின்றால் ஈடுசெய்தல். ஒத்துப்போனால் வலியுறுத்தல் என்று இரண்டுக்கும் விளக்கம் வைத்திருக்கும் கொள்கையை எப்படிப் பொய்யென்று காட்ட முடியும்? பொய்ப்பிக்க வழியில்லாத கூற்றை அறிவியல் கூற்றாக ஏற்பது கடினம். உறக்க ஆய்வு யுங் காலத்துக்குப் பின் வெகுதூரம் வந்திருக்கிறது. விழிகள் விரைவாக அசையும் உறக்கநிலையை அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1953-இல் அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் வருகின்றன. உறங்கும் மூளையின் அடிப்பகுதியில் எழும் தூண்டல்களை மேல்மூளை கதையாகத் தொடுப்பதே கனவு என்று ஹாப்சன், மெக்கார்லி இருவரும் 1977-இல் வாதிட்டார்கள். ஆயிரக்கணக்கான கனவுகளைத் திரட்டிக் கணக்கிட்ட கால்வின் ஹால், கனவுகள் பெரும்பாலும் பகல் வாழ்வின் அக்கறைகளையே தொடர்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். மேலே பார்த்த துறைத்தேர்வு ஆசிரியரின் கனவை இந்தக் கருத்து நன்றாகவே விளக்கிவிடும்.

எனவே ஈடுசெய்தலை எல்லாக் கனவுக்கும் பொருந்தும் இயற்கை விதியாக நான் கற்பிப்பதில்லை. அது ஒரு கேள்வி. நம் பார்வையைச் சோதிக்கப் பயன்படும் கேள்வி. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. விடை சரியா என்பதைக் கனவு சொல்லாது. அடுத்த நாளின் நடத்தையும் உறவும்தான் சொல்லும்.

வகுப்பறையில் இதன் இடம்

முதலில், செய்யக்கூடாத ஒன்று. மாணவரின் கனவுக்கு நாம் பொருள் சொல்லக்கூடாது. மேலே பார்த்த முறைப்படியே அது தவறு. கனவு கண்டவரின் விழிப்பு வாழ்க்கை முழுவதும் தெரிந்தால்தான் பொருள் தேட முடியும். ஒரு குழந்தையின் வீட்டு வாழ்க்கை நமக்கு அவ்வளவு தெரியாது. தவிர, ஆசிரியர் சொல்லும் பொருளைக் குழந்தை மறுத்துப் பேச முடியாது. கண்டவரே 'ஆம், பொருந்துகிறது' என்று ஏற்காத விளக்கத்தை யுங்கும் ஏற்றதில்லை. தொடக்கநிலை வகுப்பில் ஒரு குழந்தை தன் கனவைச் சொன்னால் கேட்போம். படம் வரையச் சொல்வோம். கதையாக எழுத விடுவோம். அதற்குமேல் வேண்டாம். ஒரே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வருகிறது என்று குழந்தை சொன்னாலோ, அதோடு உறக்கமின்மை, ஒதுங்கியிருத்தல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அச்சம் போன்றவை தென்பட்டாலோ, அது கனவு விளக்கத்துக்கான நேரம் இல்லை. குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவைப்படலாம். தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும்; தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும்.

செய்யக்கூடியது நம் பார்வையைப் பற்றியது. யுங்கின் நிலையில் நம்மைப் பொருத்திப் பாருங்கள். அவர் முன் இருந்தவர் அறிவுள்ளவர், பணி நன்றாகத் தொடங்கியது, பிறகு தேங்கியது, விளக்கங்கள் பொருந்தவில்லை, பேச்சு மேலோட்டமானது. வகுப்பில் ஒரு மாணவரோடு நமக்கு இதே வரிசையில் நடப்பதில்லையா? சூன் மாதத்தில் ஆர்வமாகக் கேள்வி கேட்ட மாணவி, அக்டோபரில் 'சரி டீச்சர்' என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. நாம் கேட்பதும் வீட்டுப்பாடம் முடிந்ததா என்பதோடு நின்றுவிடுகிறது. உறவு மேலோட்டமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் இதுதான். ஏதோ மாறிவிட்டது என்பது, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததைப் போலவே, மாணவிக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் அவரைப்பற்றிக் கனவு வந்தால் மேலே சொன்ன கேள்வியைக் கேட்கலாம். வராவிட்டாலும் கேள்வியைக் கேட்கத் தடையில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அந்த மாணவியைப் பற்றி நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: 'இவளுக்குக் கணக்கு வராது.' வலப்பக்கம் அதன் முழு எதிர்ப்பக்கத்தைக் கூச்சமில்லாமல் மிகைப்படுத்தி எழுதுங்கள்: 'கணக்கில் இவள் எனக்கே சொல்லிக்கொடுப்பாள்.' கோபுரத்தில் ஏற்றுவது என்பது இதுதான். வலப்பக்கம் எழுதியது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அவரது ஏட்டையும் பதில்களையும் பாருங்கள். இடப்பக்க வாக்கியம் மறைத்துவிட்ட ஏதாவது கண்ணில் படுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விடை தவறாக இருந்தும் வழிமுறை சரியாக இருக்கலாம். எழுத்தில் தடுமாறுபவர் மனக்கணக்கில் விரைவாக இருக்கலாம். எதுவுமே படாமலும் போகலாம். அப்போது இடப்பக்க வாக்கியம் அந்த அளவுக்கு உறுதிப்படுகிறது. எப்படியானாலும் வார இறுதியில் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வாக்கியத்தை எழுத முடியும். அது முதல் இரண்டையும்விடக் குறிப்பானதாக இருக்கும்: 'பின்னங்களைக் கூட்டும்போது பகுதியைச் சமப்படுத்துவதில் மட்டும் தடுமாறுகிறாள்.'

'கணக்கு வராது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தையும் திட்டமிட முடியாது. மூன்றாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாளைய வகுப்பைத் திட்டமிடலாம்.